விடுதலையான வழக்கு, பி.சி.சி. விசாரணையில் ‘நிலுவை’ என்று வந்தால்

*“வழக்கறிஞர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. வெல்டர் வேலை. இப்போது தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். 2017-இல் காசிமேட்டில் குடியிருந்தபோது தெருவில் நடந்த சண்டையில் என் பெயரையும் சேர்த்து 294(பி), 323, 506(1) என்று கேஸ் போட்டார்கள். 2019-இல் ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்து, 2020 பிப்ரவரி முதல் 2022 செப்டம்பர் வரை மஸ்கட்டில் வேலை பார்த்தேன். இப்போது குவைத் கம்பெனி ஒன்று பி.சி.சி. என்னும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேட்கிறது. விண்ணப்பித்தேன். போலீஸ் ரிப்போர்ட் பாதகமாக வந்திருப்பதாகவும், விளக்கம் தரும்படியும் பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் 2017 கேஸ் விசாரணையில் இருப்பதாகவும், 2021-இல் பக்கத்து ஸ்டேஷனில் இன்னொரு கேஸ் இருப்பதாகவும் போட்டிருக்கிறது. 2021-இல் நான் ஊரிலேயே இல்லை. பாரத்தில் ‘கேஸ் இல்லை’ என்று எழுதியது பொய் சொன்னதாகிவிடுமா? ஏஜென்ட் 40 ஆயிரம் கொடுத்தால் கம்ப்யூட்டரில் பெயரையே எடுத்துவிடலாம் என்கிறார். நண்பர், எண்ணூரில் இருக்கும் அக்கா வீட்டு விலாசத்தில் புதிதாகப் போடு, அது ஆவடி கமிஷனர் லிமிட், அங்கே தெரியாது என்கிறார். விடுதலையான பிறகும் பெயர் ஏன் இருக்கிறது? அழிக்க என்ன வழி?”*

அன்புள்ள வாசகருக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், பாஸ்போர்ட் அலுவலகக் கடிதத்தில் பதில் தருவதற்கு எந்தத் தேதி வரை கெடு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் கெடுவுக்குள் ஏதாவது ஒரு பதில் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். முழு ஆவணங்களும் கையில் வந்த பிறகே எழுதலாம் என்று காத்திருந்துதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பதில் வராத கோப்பு மூடப்பட்டுவிட்டால், மறுபடி 500 ரூபாய் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எனவே, 2017 வழக்கில் விடுதலை செய்யப்பட்டிருப்பதையும், 2021 வழக்குக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை என்பதையும், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்திருப்பதையும் குறிப்பிட்டு, கூடுதல் அவகாசமும் கேட்டு, கோப்பு எண்ணுடன் ஒரு பக்க இடைக்காலப் பதிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நகல் விண்ணப்பம் கொடுத்ததற்கான சீட்டையும் அதனுடன் இணையுங்கள்.

பாரத்தில் எழுதியது பொய்யாகுமா?

ஆகாது. அந்தப் பாரம் கேட்பது, இந்திய நீதிமன்றம் எதிலாவது உங்கள் மீது குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதுதான். 2019-இல் தீர்ப்பு வந்துவிட்ட வழக்கு நிலுவை வழக்கு ஆகாது. இல்லை என்று நீங்கள் எழுதியது உண்மை. ஆனால் இதை எல்லாப் பாரங்களுக்கும் பொருத்திக்கொள்ளாதீர்கள். அரசு வேலைக்கான பாரங்களில், குறிப்பாகக் காவலர் தேர்வில், எப்போதாவது உங்கள் மீது வழக்குப் பதிவானதுண்டா, விடுதலையாகியிருந்தாலும் குறிப்பிடவும் என்ற பொருளில் கேள்வி இருக்கும். அங்கே மறைத்தால், வழக்கு சின்னதாக இருந்தாலும், மறைத்ததே தனிக் காரணமாக வேலையைப் பறித்துவிடக்கூடும். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை விரிவாக வகுத்திருக்கிறது. கேள்வி என்ன கேட்கிறதோ அதற்கு மட்டும், ஆனால் முழுமையாக, பதில் எழுத வேண்டும்.

விடுதலை ஆன பிறகும் ‘நிலுவை’ என்று இருப்பது எப்படி?

நீங்கள் அழிக்க வழி கேட்கிறீர்கள். இங்கேதான் உங்கள் எண்ணத்தைச் சற்றுத் திருத்த விரும்புகிறேன். வயது வந்த ஒருவர் மீது பதிவான முதல் தகவல் அறிக்கை, அவர் விடுதலையாகிவிட்டார் என்பதற்காகத் தானாகவே அழிந்துபோக வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் இல்லை. அந்தக் குற்ற எண் பதிவேட்டில் இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு உரிமையுள்ளது வேறொன்று: அந்தக் குற்ற எண்ணுக்கு எதிரே, இந்தத் தேதியில் இந்த நீதிமன்றத்தில் விடுதலை என்ற முடிவும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பது. பெயரை நீக்குங்கள் என்று மனு எழுதினால், அதற்கு எங்களுக்கு அதிகாரமில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிலில் தவறும் இராது. வழக்கின் முடிவைப் பதிவு செய்யுங்கள் என்று எழுதினால் அது அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலை.

அந்த வேலை எங்கே விட்டுப்போகிறது என்று தெரிந்துகொண்டால் யாரிடம் என்ன கேட்பது என்பது தெளிவாகும். காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினி அமைப்பில் ஒரு வழக்கு பல படிவங்களாக ஏறுகிறது. முதல் தகவல் அறிக்கை ஒரு படிவம், கைது ஒரு படிவம், குற்றப்பத்திரிகை என்னும் இறுதி அறிக்கை ஐந்தாவது படிவம். நீதிமன்றத்தில் வழக்கு எப்படி முடிந்தது என்பது ஆறாவது படிவம். முதல் ஐந்தும் காவல் நிலையத்தின் சொந்த வேலை என்பதால் உடனுக்குடன் ஏறிவிடும். ஆறாவதை ஏற்ற, அந்த நிலையத்தின் நீதிமன்றக் காவலர் தீர்ப்பு விவரத்தை எடுத்துவந்து ரைட்டரிடமோ கணினிப் பணியாளரிடமோ கொடுக்க வேண்டும். காவலர் மாற்றலாகிப் போனாலோ, ஒரே நாளில் பல வழக்குகள் முடிந்தாலோ அந்த ஒரு படிவம் விட்டுப்போகும். அதன் பிறகு எத்தனை ஆண்டு கழித்துத் தேடினாலும் உங்கள் வழக்கு PT, அதாவது நீதிமன்ற விசாரணையில் உள்ளது, என்றே திரையில் நிற்கும். 2019-இல் பாஸ்போர்ட் தடையில்லாமல் வந்ததற்கும் இப்போது சிக்கியதற்கும் இடையே உள்ள முரண்பாடு உங்களைக் குழப்பியிருக்கலாம். அன்று வந்த காவலர் தீர்ப்பு நகலைப் பார்த்துத் தானே எழுதியிருக்கக்கூடும். அவர் எழுதியது அந்த விண்ணப்பத்துக்கு மட்டும் பயன்பட்டதே தவிர, வழக்கின் பதிவு மாறியிருக்காது.

முதலில் நீதிமன்றம், பிறகு காவல் நிலையம்

services.ecourts.gov.in தளத்தில் குற்ற எண், ஆண்டு, காவல் நிலையம் ஆகியவற்றைக் கொடுத்து, முடிந்த வழக்குகள் என்ற பிரிவில் தேடுங்கள். வழக்கு கிடைத்தால் நீதிமன்ற வழக்கு எண்ணும், 16 இலக்க CNR எண்ணும், முடிவான தேதியும், முடிவின் தன்மையும் வரும். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அச்சை மட்டும் நம்பி எங்கும் போகாதீர்கள். நீதிமன்றத்தின் நகல் பிரிவில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பம் கொடுங்கள். வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இருந்த நீங்களே நேரில் கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டும் என்பதில்லை. இரண்டு நகல் கேளுங்கள். வழக்குக் கட்டு ஆவண அறைக்குப் போயிருந்தால் சற்று நாள் பிடிக்கும்.

நகல் வந்ததும் நான்கு இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். முதலாவது, காவல் நிலையக் குற்ற எண், பாஸ்போர்ட் அலுவலகக் கடிதத்தில் உள்ள அதே எண்தானா? தெருச் சண்டைகளில் இரு தரப்பும் புகார் கொடுத்து, வழக்கும் எதிர் வழக்குமாக இரண்டு குற்ற எண்கள் விழுவது நம் பகுதியில் சாதாரணம். நீங்கள் ஒன்றில் விடுதலையாகி, மற்றொன்றில் உங்கள் பெயர் இருப்பது தெரியாமலே இருந்திருக்கலாம். இரண்டாவது, எத்தனையாவது எதிரி என்ற வரிசை எண்ணும் உங்கள் பெயரும், ‘த/பெ’ என்று தகப்பனார் பெயரும் சரியாக உள்ளனவா? மூன்றாவது, கடைசிப் பத்தி. உங்கள் பிரிவுகள் எதற்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை இல்லாததால் இது சம்மன் வழக்கு. எனவே அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 255(1)-இன் கீழ் குற்றவாளி அல்லர் எனக் கண்டு விடுதலை செய்யப்படுகிறார் என்ற வாசகம் இருக்க வேண்டும். நான்காவது, தலைமறைவான எதிரி எவரேனும் இருந்து, அவர் மட்டில் வழக்கு தனியாகப் பிரிக்கப்பட்டதா?

இந்த நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. உங்களுடன் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் நீதிமன்றத்துக்கு வராமல் போய், அவர் வழக்கு பிரிக்கப்பட்டு வேறு எண்ணில் இன்னும் நடந்துகொண்டிருந்தால், அந்தக் குற்ற எண் நிலுவையில் இருப்பதாகக் காவல் நிலையம் சொல்வதில் தவறில்லை. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, முடிவை ஒவ்வோர் எதிரிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து, உங்கள் பெயருக்கு எதிரே விடுதலை என்று காட்டும்படி. அதோடு உங்கள் பெயரில் பழைய பிடியாணை எதுவும் திரும்பப் பெறப்படாமல் நிற்கவில்லை என்பதையும் நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு 2017 வழக்கைப் பதிவு செய்த காவல் நிலையத்தின் ஆய்வாளருக்கு மனு. நீளம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“தங்கள் நிலையக் குற்ற எண் …/2017 வழக்கில் …-ஆம் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருந்த என்னை, ஜார்ஜ் டவுன் … நீதிமன்றம் … எண் வழக்கில், … தேதியிட்ட தீர்ப்பின்படி விடுதலை செய்துள்ளது. இத்தீர்ப்பின் மீது மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இருப்பதாக எனக்கு அறிவிப்பு வரவில்லை. ஆயினும் எனது பி.சி.சி. விசாரணையில் மேற்படி வழக்கு நிலுவையில் உள்ளதாக அறிக்கை அனுப்பப்பட்டுள்ளது. எனவே மேற்படி வழக்கின் நீதிமன்ற முடிவை நிலையப் பதிவேட்டிலும் சி.சி.டி.என்.எஸ். அமைப்பிலும் பதிவு செய்து, அதன் விவரத்தை எனக்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

தீர்ப்பின் ஒளிநகலை இணைத்து, சான்றிட்ட நகலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு வராதீர்கள். மனு ரசீது கட்டாயம் வாங்குங்கள். தராவிட்டால் அதே மனுவை ஒப்புதல் அட்டையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, உதவி ஆணையருக்கும், அந்த நிலையம் எந்தக் காவல் மாவட்டத்தில் வருகிறதோ அதன் துணை ஆணையருக்கும் ரசீது நகலோடு எழுதுங்கள். வடசென்னையில் பல நிலையங்களுக்கு அது வண்ணாரப்பேட்டைத் துணை ஆணையர் அலுவலகம்.

உங்களுடையதே அல்லாத 2021 வழக்கு

இதை மேற்படி மனுவோடு கலக்காதீர்கள். அங்கே நீங்கள்தான் எதிரி, முடிவு மட்டும் விட்டுப்போயிருக்கிறது. இங்கே எதிரியே வேறு ஆள். காவல் நிலையமும் வேறு என்பதால் மனுவும் தனியாக இருக்க வேண்டும்.

பி.சி.சி. விசாரணையில் பெயர், தகப்பனார் பெயர், பகுதி ஆகியவற்றை வைத்துத் தேடுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்தும் ஒரே பெயருமாக நூற்றுக்கணக்கானோர் இருக்கிறோம். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் ஒரே பிளாக்கில் தகப்பனார் பெயர்கூட ஒன்றாக இருக்கும் இருவரை நான் வழக்குகளில் பார்த்திருக்கிறேன். பழைய எண், புதிய எண் என்று கதவிலக்கம் இரண்டாக இருப்பதும் குழப்பத்தைக் கூட்டும். தேடலில் ஒத்த பெயர் வந்ததும், வயதையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அப்படியே அறிக்கையில் ஏற்றியிருக்கிறார்கள் என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

முதல் வேலை, அந்த முதல் தகவல் அறிக்கையைப் பெறுவது. eservices.tnpolice.gov.in தளத்தில் காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்தால் பெரும்பாலான அறிக்கைகளைப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்றவை மட்டும் வெளியிடப்படுவதில்லை. கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கையில் எதிரியின் வயதும் முகவரியும் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

சில அறிக்கைகளில் பெயர் மட்டும்தான் இருக்கும், அல்லது அடையாளம் தெரியாத நபர் என்று இருந்து பிறகு பெயர் சேர்க்கப்பட்டிருக்கும். அப்போது முக்கியமானது கைது. கைதுப் படிவத்தில் கைதான தேதி, வயது, உயரம், அங்க அடையாளங்கள் எல்லாம் இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்: 2020 பிப்ரவரியில் இந்தியாவிலிருந்து வெளியேறியதற்கான குடியேற்ற முத்திரையும், 2022 செப்டம்பரில் திரும்பி வந்ததற்கான முத்திரையும் இருக்கும். இடையில் விடுமுறைக்கு வந்திருந்தால் அந்த முத்திரைகளையும் மறைக்காமல் காட்டுங்கள். மஸ்கட்டில் இருந்த ஒருவரை 2021-இல் சென்னையில் கைது செய்து சிறைக்கு அனுப்பியிருக்க முடியாது. இந்த ஒரு சான்று, பத்துப் பேர் கையெழுத்திட்ட நற்சான்றுகளைவிட வலுவானது. ஒரு எச்சரிக்கை மட்டும்: வெளிநாட்டில் இருந்ததற்கான சான்று கைதுக்கு எதிராகத்தான் முழுமையாக நிற்கும். கைதே நடக்காமல், தலைமறைவு எதிரி என்று ஒருவரைக் காட்டியிருந்தால், அங்கே வயது, முகவரி, அங்க அடையாளம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அந்த நிலை என்றால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் ஒரு வழக்கறிஞருடன் போங்கள்.

இந்த மனுவில் கேட்க வேண்டியது, மனுதாரரும் எதிரியும் வேறு வேறு நபர்கள் என்று விசாரித்து உறுதி செய்து, பி.சி.சி. அறிக்கையைத் திருத்தி அனுப்புங்கள் என்பதே. வழக்கின் பதிவு அந்த இன்னொருவர் பெயரில் அப்படியே இருக்கட்டும். அதை மாற்றச் சொல்லாதீர்கள். கைவிரல் ரேகை ஒப்பிட வேண்டும் என்றாலும் சம்மதம் என ஒரு வரி சேர்ப்பது, உங்கள் தரப்பில் மறைக்க ஒன்றுமில்லை என்பதைக் காட்டும்.

ஏஜென்டும் அக்கா வீட்டு விலாசமும்

40 ஆயிரம் ரூபாய்க்குக் கணினியில் பெயரை எடுத்துத்தருகிறேன் என்பவரால் அதைச் செய்ய முடியாது. அவர் செய்யக்கூடியது இரண்டு: பணத்தை எடுத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவது, அல்லது போலிச் சான்று ஒன்றைக் கையில் கொடுப்பது. போலிச் சான்று சான்றொப்பத்துக்குப் போகும் இடத்தில் பிடிபட்டால், விடுதலையான பழைய அடிதடி வழக்கு போய், ஆவண மோசடி என்ற புது வழக்கு உண்மையிலேயே வந்துவிடும். அதிகாரி ஒருவருக்கு அந்தப் பணத்தில் பங்கு போவதாக அவர் சொன்னால், லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நண்பர் சொன்னதில் ஒரு பகுதி சரி: 2022-இல் ஆவடி ஆணையரகம் உருவானபோது எண்ணூர் அதன்கீழ் போனது. ஆனால் ஆணையரகம் மாறினால் கணினி அமைப்பு மாறாது. எந்த நிலையத்திலிருந்து தேடினாலும் அதே பதிவுதான் வரும். போதாக்குறைக்கு, விசாரணைக்கு வரும் காவலர் அக்கம்பக்கத்தில் கேட்டு, இந்த முகவரியில் குடியிருக்கவில்லை என்று எழுதினால், இரண்டு பாதகக் குறிப்போடு மூன்றாவதும் சேரும். தெரிந்தே பொய்த் தகவல் தந்து அரசு ஊழியரைத் தவறாகச் செயல்பட வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 217-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. உங்கள் கையில் உண்மையும் அதற்கான ஆவணமும் இருக்கும்போது இந்த ஆபத்தில் இறங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறு விசாரணை

தீர்ப்பு நகல், இரண்டு மனுக்களின் ரசீதுகள், பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள், 2021 முதல் தகவல் அறிக்கை ஆகியவற்றை இணைத்து, மறு காவல் விசாரணைக்கு அனுப்பும்படி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு முழுப் பதிலை எழுதுங்கள். காவல் நிலையத்தில் பதிவு திருத்தப்படும் முன்பே மறு விசாரணை போய்விட்டால் அதே பாதக அறிக்கை திரும்ப வரும். ஆகவே முடிந்தவரை நிலையத்தின் எழுத்துமூலப் பதில் கைக்கு வந்த பின் அனுப்புங்கள். அதற்குள் கெடு முடிகிறதென்றால், நான் முதலில் சொன்ன இடைக்காலப் பதிலில் கூடுதல் அவகாசம் கேட்டிருக்க வேண்டும். குவைத் நிறுவனத்திடமும் விசாரணை தாமதமாகிறது என்று இப்போதே சொல்லிவையுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பி.சி.சி.யை ஏற்பதில்லை என்பதால், அவர்கள் விசா வேலையைத் தொடங்கும் நேரத்தோடு இது பொருந்திவர வேண்டும்.

துணை ஆணையர் வரை எழுதியும் அசைவில்லை என்றால், அரசமைப்புச் சட்டம் 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை கோரும் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். உங்கள் மனுவைக் குறித்த வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி உத்தரவிடச் சொல்வதே அதன் கோரிக்கையாக இருக்கும். ஆனால் மனு கொடுத்த ரசீது இல்லாமல் உயர் நீதிமன்றம் போனால், முதலில் அதிகாரியிடம் மனு கொடுங்கள் என்றே சொல்லி அனுப்புவார்கள். நேரே ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால், ரசீது எங்கே என்று நீங்களே அவரிடம் கேளுங்கள்.

இதே சிக்கலில் இருக்கும் வேறு வாசகர்களுக்காக ஒன்று. சம்பவ நாளில் 18 வயது நிரம்பாதவராக இருந்தவருக்கு நிலைமையே வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, முடிந்த வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்று போன்ற காரணங்களுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்றே சொல்கிறது. அவர்கள் முடிவைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்க வேண்டியதில்லை. வயதுச் சான்றை இணைத்து, அந்தக் குறிப்பையே அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று கேட்கலாம்.